நூற்றுப் பதினைந்து சதவீதம்

நாற்பத்தாறு வயதில் இன்டர்வியூவுக்குப் புறப்படுகிறவன் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பது. என்னுடையதில் இரண்டு அந்துருண்டையும், மகள் ஆறாம் வகுப்பில் தொலைத்த ஒரு ரப்பரும் இருந்தன. அவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். நான் இன்டர்வியூவுக்குப் போய் எவ்வளவு காலம் ஆகிறது என்பதை இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இருபது வருஷமாக நான் பிஸ்கட் விற்கிறேன். தோளில் கூடை மாட்டிக்கொண்டு அல்ல. டிஸ்ட்ரிபியூட்டரிடம் சரக்கு ஏற்றி, அவருடைய சேல்ஸ்மேன்கள் கடை கடையாக ஆர்டர் எடுக்கிறார்களா என்று பைக்கில் பின்னாலேயே போய், மாதக் கடைசியில் டார்கெட்டைத் தொட்டுவிட்டதாக மேலே சொல்லும் உத்தியோகம். மதுரை, திருமங்கலம், விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெட்டிக்கடையில் சில்லறை கிடைக்கும், எந்தக் கடையில் நாய் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு படி மேலே ஏரியா மேனேஜராகலாம் என்று ஆசை வந்தது. உள்ளேயே கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் வட்டாரத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்றால் என்ன அர்த்தமோ, அதுதான் அதற்கும்.

ஆகவே வெளியே. முதல் இன்டர்வியூ ஒரு நொறுக்குத்தீனி கம்பெனியில். இந்தத் தொழிலில் இன்டர்வியூ ஆபீஸில் நடக்காது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் அறையில் நடக்கும். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எட்டுப் பேரும் அவரவர் கம்பெனியில் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தோம்.

என்னைப் பயிற்றுவித்து அனுப்பியது என் மச்சினன் மகன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பதால் இன்டர்வியூக்களில் அவனுக்கு அனுபவம் அதிகம். "மாமா, சேல்ஸ்னா கண்டிப்பா பேனாவக் குடுத்து வித்துக் காட்டச் சொல்வாங்க. அதுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு" என்றான். 2013-ல் வந்த 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படத்தில் வருகிறதாம். டிகாப்ரியோ பேனாவை நீட்டி விற்கச் சொல்கிறார், எதிரே இருப்பவன் பேனாவை வாங்கிக்கொண்டு, ஒரு கையெழுத்துப் போடச் சொல்கிறான். பேனாதான் இவன் கையில் இருக்கிறதே, அவர் எப்படிப் போடுவார்? தேவையை உண்டாக்கிவிட்டான், அவ்வளவுதான். நாங்கள் ஹாலில் உட்கார்ந்து பதினைந்து தடவை ஒத்திகை பார்த்தோம்.

வீட்டுக்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அது நிஜக் கதையா?" என்றாள். "ஜோர்டன் பெல்ஃபோர்ட்னு ஒரு பெரிய சேல்ஸ்மேன் அத்தை, அவரோட வாழ்க்கை" என்றான் பையன். "இப்ப என்ன பண்றார்?" என்றாள். மோசடி வழக்கில் 22 மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார் என்று இவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அறைக்குள் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒருவர் லேப்டாப்புக்குப் பின்னால் இருந்தார். ஏ.சி. நடுங்க வைத்தது. நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை முதல் மூச்சிலேயே இறக்கினேன்: "போன மார்ச்சில் 115 சதவீதம் அச்சீவ்மென்ட் சார்."

அவர் அசரவில்லை. "எதுல 115?" என்றார்.

"டார்கெட்ல சார். 20 லட்சம் டார்கெட், 23 லட்சம் பண்ணினேன்."

"ப்ரைமரியா, செகண்டரியா?"

இந்த இடத்தில், உங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம் என்பதால், வேலியோரம் நின்று ஒரு நிமிஷம் விளக்கிவிடுகிறேன். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்றால் அது ப்ரைமரி. டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்காரருக்கு விற்றால் அது செகண்டரி. முதலாவது நடந்தால் எனக்கு இன்சென்டிவ் வரும். இரண்டாவது நடந்தால்தான் பிஸ்கட்டை யாராவது தின்னப்போகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே டிஸ்ட்ரிபியூட்டருடைய குடோன் இருக்கிறது. அந்தக் குடோனுக்குள் ஒரு சேல்ஸ்மேன் எவ்வளவு பொய்யை வேண்டுமானாலும் அடுக்கலாம், மழை மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ப்ரைமரி சார்" என்றேன், கொஞ்சம் மெதுவாக.

"செகண்டரி?"

"15 லட்சம்."

"மாச ஆரம்பத்துல ஓப்பனிங் ஸ்டாக்?"

"6 லட்சம் இருக்கும் சார்."

அவர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. ஓட்டல்காரர்கள் வைத்திருந்த டிஷ்யூ பேப்பரில் எழுதினார். 6 இருந்தது, 23 வந்தது, 15 போனது. மிச்சம் 14 லட்சம். மாதத்துக்கு 25 வேலை நாள், 15 லட்சம் வியாபாரம் என்றால் ஒரு நாளைக்கு 60 ஆயிரம். 14 லட்சத்தை 60 ஆயிரத்தால் வகுத்தார். "23 நாள் ஸ்டாக்" என்றார். "சாதாரணமா எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?"

"பத்து நாள் சார்."

"அப்ப ஏப்ரல்ல ப்ரைமரி எவ்வளவு வந்துச்சு?"

எதற்கு இவருக்கு ஏப்ரல்? நான் சொன்னது மார்ச்சைப் பற்றி. ஆனால் இவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் பைக்கில் பின்னால் போனவர்கள். ஏப்ரலில் 9 லட்சம். 20-க்கு 9, அதாவது 45 சதவீதம். 115-ஐயும் 45-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, டிஷ்யூவின் அடியில் 80 என்று எழுதிக் கட்டம் போட்டார். நான் ஒரு வருஷமாகப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்த 115, ஆறு கேள்வியில் 80 ஆகிவிட்டது. அதையும் கைதுடைக்கிற பேப்பரில் எழுதிக் காட்டிவிட்டார் மனுஷன்.

அந்த மார்ச் 31-ஐ நான் மறக்க முடியாது. விருதுநகர் அண்ணாச்சி கடையில் ராத்திரி எட்டு மணி. "அண்ணாச்சி, ஒரு லோடு மட்டும்" என்று நான் கெஞ்ச, "தம்பி, குடோன்ல எறும்புகூடத் திரும்ப முடியாது" என்று அவர் சொல்ல, கடைசியில் க்ரீம் பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும், கட்டிலுக்குக் கீழேயும், பூஜை அறையிலும் ஏறின. ஆச்சி விளக்கேற்றப் போனால் சாமி தெரியவில்லை, எங்கள் கம்பெனி சின்னம்தான் தெரிந்தது. அதன் பிறகு ஏப்ரல் முழுக்க அவர் என் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரே தடவை, எலி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

"சரி" என்று டிஷ்யூவைக் கசக்கினார் இன்டர்வியூ செய்தவர். மேஜையில் கண்ணை ஓட்டினார். எனக்கு உற்சாகம் திரும்பியது. பேனா வரப்போகிறது. என் வலது கை தானாகவே மேலே எழுந்தது. அவர் ஓட்டல் மேஜையின் மூலையில் கிடந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இதை எனக்கு வித்துக் காட்டுங்க."

பதினைந்து தடவை ஒத்திகை பார்த்த உடம்பு, பொருள் மாறியதை கவனிக்கவில்லை. பேப்பர் வெயிட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "எங்கே?" என்றார்.

எங்கே என்றால் நான் என்ன சொல்ல? சமாளிக்கப் பார்த்தேன். "நல்ல கனம் சார்" என்றேன். "கனமா இருந்தா எனக்கென்ன?" "பேப்பர் பறக்காது சார்." அவர் மேஜையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒரே ஒரு பேப்பர்கூட இல்லை. கசக்கிய டிஷ்யூ ஒன்று இருந்தது, அதைப் பற்றிப் பேச நான் விரும்பவில்லை. மேலே ஃபேனும் ஓடவில்லை, ஏ.சி. அறை. "உள்ளே பூ இருக்கு சார்" என்றேன். இருந்தது, சிவப்பாக ஒன்று. அவர் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போது என் வாயிலிருந்து, இருபது வருஷத் தொழிலின் சாரமாக, "உங்களுக்குன்னா பாதி விலைக்கே தர்றேன் சார்" என்று வந்தது.

"விலை என்னன்னே இன்னும் நீங்க சொல்லலையே" என்றார்.

விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே தள்ளுபடி கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் மோசமானவர் இல்லை, பேப்பர் வெயிட்டை வாங்கி வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஒரு கடைக்குப் போனா முதல்ல என்ன செய்வீங்க?"

"ஷெல்ஃபப் பார்ப்பேன் சார். நம்ம சரக்கு எவ்வளவு இருக்கு, எது தீர்ந்திருக்கு, பக்கத்துல எந்தக் கம்பெனி உட்கார்ந்திருக்கு, அதெல்லாம் பார்த்துட்டுத்தான் வாயத் திறப்பேன்."

"என் ஷெல்ஃப ஏன் பார்க்கல?"

பதில் இல்லை. வாஸ்தவத்தில் எந்தக் கடைக்காரரிடமும் போய் நான் "இந்த பிஸ்கட் வட்டமாக இருக்கும், நடுவில் க்ரீம் இருக்கும்" என்று சொன்னதே கிடையாது. சொன்னால் வெளியே போகச் சொல்லிவிடுவார். "அஞ்சு ரூபாய் பாக்கெட் தீர்ந்துடுச்சே, பக்கத்துல ஸ்கூல் என்னிக்குத் திறக்குது?" என்றுதான் ஆரம்பிப்பேன். கடையில் தெரிந்தது நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. ஷூ இறுக்கியதாலும் இருக்கலாம்.

அடுத்த இன்டர்வியூ அக்டோபரில், ஒரு சலவை சோப்பு கம்பெனிக்கு. இந்தத் தடவை 115-ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கதை கொண்டுபோனேன், அது சதவீதத்தில் பார்க்க அவ்வளவு பளபளப்பாக இல்லாவிட்டாலும் என் கையால் நடந்தது.

ஒரு சந்தை ஊர். பட்டியலில் 180 கடை, மாதம் 75 கடைக்குத்தான் பில் போட்டுக்கொண்டிருந்தோம். சேல்ஸ்மேனைத் திட்டித் திட்டிப் பார்த்து அலுத்து, ஒரு நாள் அவனோடு நானே நடந்தேன். முதல் தெருவிலேயே இரண்டு சங்கதி புரிந்தது. பட்டியலில் 30 கடை உயிரோடு இல்லை. ஒன்று செல்போன் ரிப்பேர் கடையாகிவிட்டது, ஒன்றில் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள், அதற்கும் வாரா வாரம் "ஆர்டர் இல்லை" என்று பையன் பதிவு போட்டுக்கொண்டிருந்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, ஆர்டர் இல்லைதான். இரண்டாவது, அவன் அந்த ஊருக்குப் போகிற நாள் சந்தை நாள். கடை முன்னால் நாற்பது பேர் நிற்கும்போது எந்தக் கடைக்காரர் பிஸ்கட் பேசுவார்? முறையை ஒரு நாள் முன்னுக்கு நகர்த்தினேன். சந்தைக்கு முந்தின நாள் அவர்களே சரக்குக்குக் காத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் பில் போடும் கடை 112 ஆயிற்று. அந்த ஊர் செகண்டரி 3 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 4 லட்சத்து 10 ஆயிரம்.

சோப்பு கம்பெனிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல நோண்டினார். மிச்சம் 38 கடை ஏன் வாங்கவில்லை? ஹோல்சேலில் பெட்டிக்கு ஏழெட்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது சார், அவர்களை நான் ஜெயிக்கவில்லை. அந்த உயர்வில் பண்டிகை எவ்வளவு? கடைசி மாதம் ஆயுத பூஜை வந்தது சார், அதைத் தள்ளிவிட்டு முந்தின மாதத்தைப் பார்த்தால் 3 லட்சத்து 80 ஆயிரம். அவர் தலையாட்டினார். "ஜெயிக்கவில்லை" என்று சொன்ன இடத்தில்தான் அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கே விசித்திரமாக இருந்தது. தோல்வியைக் கேட்டு இவ்வளவு ஆசையாகக் காது கொடுத்த இன்னொரு ஆள் என் மாமனார்தான்.

பிறகு சுவரிலிருந்து தினசரி காலண்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அக்டோபர் மாதத்தில், கிழித்தது போக இளைத்துப்போய்க் கிடந்த காலண்டர். "இதை எனக்கு வில்லுங்க."

வா மகனே என்று நினைத்துக்கொண்டேன். ஷெல்ஃபப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? கேட்டேன். "காலண்டரை எதுக்கு சார் பார்ப்பீங்க?" லாரி வருகிற தேதிக்கு. "லாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" நான்கு நாளைக்கு ஒரு முறை. "தேதி தவறினா என்ன ஆகும்?" லோடு இறக்க ஆள் இருக்காது, லாரிக்காரன் காத்திருப்புக் கூலி கேட்பான். அருமை! இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்பதில் ஒரு ருசி கண்டுவிட்டேன். "எத்தனை பேர் லோடு இறக்குவாங்க?" "அவங்களுக்கு யார் சொல்வாங்க?" "அவர் லீவுன்னா?" "குடோன் வாடகையா, சொந்தமா?" "ராகு காலம் பார்ப்பீங்களா?" "வீட்ல?" பதினொன்றாவது கேள்வியாக அவர் சம்சாரத்துக்கு எந்த ஊர் என்று நான் கேட்டதாக ஞாபகம்.

"சார்" என்றார் அவர், என்னை. இன்டர்வியூ செய்கிறவர் நம்மை சார் என்று கூப்பிட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "எல்லாம் நல்லாக் கேட்டீங்க. வாங்கிக்கறீங்களான்னு மட்டும் கேட்கவே இல்ல."

நிஜம். காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டு, போகிற போக்கில் நேற்றைய தேதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கும் நன்றி சொன்னார்.

இப்படி நான் இரண்டு முறை தோற்றுத் திரும்பிய பிறகுதான் தையல் மெஷின் விவகாரம். என் அம்மாவுடைய பழைய காலால் மிதிக்கிற மெஷின், மூன்று வருஷமாக மொட்டைமாடி அறையில் கிடக்கிறது. "ஊருக்கெல்லாம் விக்கிறீங்க, அதை ஒருத்தர் தலையில கட்டுங்க பார்ப்போம்" என்று வீட்டுக்காரம்மா மாதம் ஒரு தடவை சொல்வாள். நான் நான்கு பேரை அழைத்து வந்து காட்டியிருக்கிறேன். நான்கு பேரிடமும் இரும்பு எத்தனை கிலோ, மரம் எந்த மரம், அம்மா எந்த வருஷம் வாங்கினாள் என்று விளக்கினேன். மூன்று பேர் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் காபியும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை வீட்டுப் பெரியம்மா விசாரித்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் இவள் முந்திக்கொண்டாள். கதவு மறைவில் நின்று கேட்டேன்.

"யாருக்குப் பெரியம்மா, உங்களுக்கா?"

"எனக்கெதுக்கு தாயி, பேத்திக்கு. தையல் கிளாஸ் போறா."

"கிளாஸ்ல மிதிக்கிற மெஷினா, கரண்ட் மெஷினா?"

"மிதிக்கிறதுதான். வீட்ல வந்து பழகறதுக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்குப் போய் நிக்கிறா. அவங்க மூஞ்சியத் தூக்குறாங்க."

இவள் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரீட்சை எப்ப?" என்றாள். அடுத்த மாதமாம். "அப்ப இன்னிக்கே எடுத்துட்டுப் போனாத்தான் பழகுறதுக்கு நாள் இருக்கும். மிதிச்சுப் பாருங்க" என்று பெரியம்மாவை உட்கார வைத்தாள். கடகடவென்று ஓடியது. "3,500 பெரியம்மா." பெரியம்மா 2,500 என்றார். இவள் மூச்சு விடவில்லை. கதவு மறைவில் எனக்கு நெஞ்சு படபடத்தது, நானாக இருந்தால் அந்த இடைவெளியில் 2,000-க்கு இறங்கியிருப்பேன். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. "சரி, மூவாயிரம்" என்று பெரியம்மாவே ஏறினார்.

"எண்ணெய் டப்பாவும் பாபின் பத்தும் சேர்த்துத் தர்றேன், 3,200" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இவள் கேட்டாள்: "ஆட்டோவுல ஏத்தவா, குட்டியானை வரச் சொல்லவா?"

பெரியம்மா, "ஆட்டோ போதும்" என்றார்.

வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை பாருங்கள். ஆட்டோவா குட்டியானையா என்பதில் பெரியம்மா மும்முரமாகிவிட்டார். எனக்கு இதைச் சொல்லித்தர கம்பெனி இருபது வருஷத்தில் மூன்று தடவை ட்ரெய்னிங் வைத்து, மூன்று தடவையும் பஃபே சாப்பாடு போட்டிருக்கிறது. நான் சாப்பாட்டை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். 3,200-ஐ எண்ணி அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்தவள், என்னைப் பார்த்து, "நீங்க ஏன் சட்டையெல்லாம் போட்டுட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

மூன்றாவது இன்டர்வியூ ஒரு மசாலாப் பொடி கம்பெனி. குடும்பத் தொழில், முதலாளியே இன்டர்வியூ. ஓட்டல் இல்லை, டிஷ்யூ இல்லை, அறை முழுக்க மல்லி வாசனை. உட்கார்ந்ததும் தும்மினேன். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். நெற்றியில் விபூதி, மேஜையில் ஒரு நீளமான நோட்டு.

"ஜெயிச்ச கதையெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க. தோத்த மாசம் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

அதற்கு எனக்குப் பஞ்சமா? ஏப்ரலைச் சொன்னேன். 20-க்கு 9, 45 சதவீதம். ஏன்? மார்ச் 31-ஆம் தேதி நான் அண்ணாச்சி வீட்டுப் பூஜை அறையில் அடுக்கியது ஏப்ரல் 1-ஆம் தேதி என் தலையிலேயே சரிந்தது. என்ன செய்தீர்கள்? புது லோடை நிறுத்தச் சொல்லி மேலே எழுதிப் போட்டேன், திட்டு வாங்கினேன். இருக்கிற சரக்கில் தேதி பழையதைத் தனியே பிரித்து, அதை முதலில் வேகமாக ஓடும் பஸ் ஸ்டாண்டு கடைகளுக்கு அனுப்பினேன். மே மாதம் ஆரம்பிக்கும்போது ஸ்டாக் 14 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்கு வந்திருந்தது. எலி தின்றதை மட்டும் க்ளைம் வாங்க முடியவில்லை. முதலாளி எலிக்குச் சிரித்தார். "எங்க ஆளுகளும் மார்ச்ல இதைத்தான் செய்யறாங்க. ஒருத்தனும் ஏப்ரலச் சொல்லல" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பேனா! கடைசியில், எட்டு மாதம் கழித்து, பேனா. ஒரு கணம் "கையெழுத்துப் போடுங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"கடைசியா எப்ப சார் பேனாவால எழுதினீங்க?"

"இன்னிக்குக் காலையில. செக்ல கையெழுத்து."

"ஒரு நாளைக்கு எத்தனை செக் போடுவீங்க?"

"பத்துப் பதினஞ்சு. மிளகாய் சீசன்ல முப்பதுகூட."

"மை இழுகி, கையெழுத்து ஒத்துப்போகலன்னு செக் எதுவும் திரும்பியிருக்கா?"

அவர் முகம் மாறியது. போன மாதம்தான் குண்டூர் மிளகாய்க்காரருக்குப் போட்ட ஒன்று திரும்பி வந்ததாம், அவர் போன் போட்டு, ஏதோ இவர் கையில் பணமே இல்லாத மாதிரிப் பேசிவிட்டாராம். சொல்லும்போது இப்போதும் காது சிவந்தது. மூன்று கேள்வி. போதும் என்று நிறுத்தினேன். "இது இழுகாத பேனா சார், 60 ரூபா. மேஜைக்கு ஒண்ணு, பைக்கு ஒண்ணுன்னு ரெண்டு தரவா, சீசனுக்குச் சேர்த்து ஒரு டப்பாவாத் தந்துடவா?"

அதன் பிறகு வாயை மூடினேன். உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். விலையைக் குறைக்கிறேன், ரீஃபில் இலவசம், டப்பாவே இலவசம் என்று உள்ளே இருந்து ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு வருகிறது. பெரியம்மாவையும் சுவர்க் கடிகாரத்தையும் நினைத்துக்கொண்டேன். மல்லி மூக்கில் ஏற, தும்மல் வந்தது. தும்மினால் பேச்சாகிவிடுமோ என்று அதையும் அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு குடுங்க" என்று முதலாளி சிரித்துவிட்டார். தன் பேனாவையே தான் வாங்கியதை நினைத்தும் சிரித்தார். நான் தும்மினேன்.

நோட்டைத் திறந்தார். எங்கள் ஊர்களுக்கு மாத டார்கெட் 12 லட்சம், ஆறு மாதத்தில் 16 ஆக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு அதே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாக, "ஒண்ணாம் தேதி சேர்றீங்களா, பதினஞ்சாம் தேதி சேர்றீங்களா?" என்றார்.

"ஒண்ணாம் தேதியே வந்துடறேன் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். கை கொடுத்தார். அரைக் கிலோ சாம்பார் பொடி பாக்கெட் ஒன்று கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது. திருமங்கலம் தாண்டும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வீட்டில் சாம்பார் பொடியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா கேட்டாள். "கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. ஒண்ணாம் தேதி."

"சம்பளம் எவ்வளவு?"

நான் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அவள் அப்படியே நின்றாள், மூச்சுகூட விடவில்லை, சுவர்க் கடிகாரம் ஓடியது.

"டார்கெட் எவ்வளவுன்னு சொல்லிட்டாங்க" என்றேன். "பன்னிரண்டு லட்சம்."

"அது ப்ரைமரியா, செகண்டரியா?" என்றாள்.

அதையும் நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.